பதிவு மேசைப் பெட்டியும் ஒரு கத்தரிக்கோலும்

எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் எனக்குப் பெரிய பதவி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெட்டி இருந்தது. நீல மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. செயலமர்வு பரந்தனில் நடந்தாலும் புளியங்குளத்தில் நடந்தாலும் அதுதான் முதலில் வாகனத்தில் ஏறும், கடைசியாக இறங்கும். பதிவு மேசைக்கு வேண்டிய சகலதும் அதற்குள் இருக்கும். மூடியின் உட்பக்கத்தில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் நேரே மூன்று கட்டங்கள்: வைத்தது, விரித்தது, திரும்பியது. அலுவலகத்தில் அடுக்கும்போது முதல் கட்டத்தில் சரி போடுவேன். மண்டபத்தில் மேசையில் பரப்பும்போது இரண்டாவது. பின்னேரம் திரும்பி எடுத்து வைக்கும்போது மூன்றாவது. மூன்று சரியும் விழாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

அந்தப் பட்டியல் பிறந்த கதை வெட்கக்கேடானது. ஒருமுறை புளியங்குளத்தில் முப்பத்தைந்து பேர் வந்து வரிசையில் நிற்கிறார்கள், எங்களிடம் ஒரு பேனை இல்லை. எல்லோரும் மற்றவர் கொண்டுவருவார் என்று நினைத்திருக்கிறோம். சாரதி அண்ணையின் சட்டைப் பையில் இருந்த ஒற்றைப் பேனையால் முப்பத்தைந்து பேரும் கையெழுத்து வைத்து முடிக்க ஒன்றேகால் மணித்தியாலம் போனது. அம்புக்குறி போட்ட அறிவிப்புத் தாளும் கொண்டுபோகவில்லை. அதனால் எங்கள் ஆட்கள் நாலு பேர் பக்கத்து அறையில் நடந்த கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் போய்க் குந்தி, அவர்களுடைய ரோல்ஸையும் தின்று, இரண்டு தீர்மானங்களுக்குக் கையும் உயர்த்திவிட்டு வந்தார்கள். அடுத்த நாள் காலையே நான் பட்டியலை எழுதிவிட்டேன்.

அச்சடித்த பெயரட்டைகள், பெயர் இல்லாமல் வருபவர்களுக்கு வெற்றட்டைகள் பத்து, கழுத்து நாடா, பதிவுப் படிவம், காலைக்கும் பின்னேரத்துக்கும் தனித்தனி வரவுத்தாள், புகைப்படச் சம்மதப் படிவம், பேனை, தடித்த மார்க்கர், கைநாட்டு வைப்பவர்களுக்கு மை ஒற்றி, கிளிப் பலகை, செலோரேப், கத்தரிக்கோல், அறிவிப்புத் தாள்கள். பேனைகளை நானே ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்த்துத்தான் வைப்பேன். நிதி தருபவர்களின் சின்னம் பொறித்துக் கொத்தாக வருகிற பேனைகள் மூன்றாவது வரியில் செத்துப்போகும். அப்படியிருந்தும் அவற்றைத்தான் முன்வரிசையில் வைக்கவேண்டும் என்பார்கள், படத்தில் சின்னம் தெரியவேண்டுமாம்.

கழுத்து நாடாக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு செயலமர்விலும் நாற்பது கழுத்துகளில் தொங்கிவிட்டு அப்படியே பெட்டிக்குள் வந்து விழும். மூடியைத் திறந்தால் வியர்வையும் நல்லெண்ணெயும் பவுடரும் கலந்த ஒரு நாற்றம் முகத்தில் அடிக்கும். எனக்குக் குமட்டும். அதை அடுத்த நாற்பது பேருக்கு மாட்டிவிட்டு "வணக்கம், வாங்கோ" என்று சிரிக்க வேண்டும். அலுவலகத்தில் இதைச் சொன்னபோது "ஆர் மணந்து பாக்கப்போகினம்" என்றார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் காயப்போடுவேன். நாற்பது நாடாக்கள் வரிசையாய்த் தொங்குவதைப் பார்த்து அயல் வீட்டுக்காரர் இது என்ன வியாபாரம் என்று கேட்டார்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மேசைக்கு மற்றப் பக்கத்தில் நானும் நின்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வன்னியில் ஒரு குளத்துக்குக் கீழே காணி கிடைத்து வந்து வயல் செய்த குடும்பம் எங்களுடையது. பிறகு இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் பதிந்தோம். எந்த மேசையில் இருந்தவரும் எங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. "அடுத்தாள்" என்பார்கள். ஆகவே என்னுடைய மேசையில் ஒரு மனிசருக்குக்கூடப் பேனை எழுதாமல் போகக்கூடாது, ஒரு மனிசருடைய பெயர்கூடப் பிழையாக அச்சாகக்கூடாது என்று ஒரு வைராக்கியம். நான் நல்லவள் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த நினைப்புக்கு என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

பரந்தனில் பெண்களுக்கு இரண்டு நாள் செயலமர்வு. வீட்டு உற்பத்திகளைப் பொதி செய்வது, பெயர்ச்சுட்டி ஒட்டுவது பற்றிய பயிற்சி. அதற்கு இரண்டு நாள் முன்பு எங்கள் திட்ட முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் அவரைச் சேர் என்போம். எங்கள் ஊர் ஆள்தான், என்னைவிட மூன்று நாலு வயது இளமை. ஆனால் எதைக் கதைத்தாலும் கணினியும் கையுமாகத்தான் கதைப்பார்.

"தங்கச்சி, இந்த முறை பட்ஜில ஒரு கலர் பொட்டு ஒட்டுவம். ஃபோமில குடும்ப நிலை எண்டு ஒரு கேள்வி இருக்குத்தானே, அதுக்கு ஏத்தமாதிரி ஒவ்வொரு கலர். குழு பிரிக்கச் சுகம். படம் எடுக்கேக்கையும் எல்லா வகையிலயும் ஆக்கள் நிக்கினம் எண்டு பாத்த உடன தெரியும்."

வகை. மனிசரிலுமா வகை? மிளகாயில் வகை இருக்கலாம், நெல்லில் வகை இருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்து சொன்னது இவ்வளவுதான்: "சேர், ஆக்கள் கேட்டால்?"

"கேட்டால் குழுவுக்கு எண்டு சொல்லுங்கோ. எந்தக் கலர் எது எண்ட விளக்கத் தாளை மேசைக்குக் கீழ வச்சிருங்கோ."

நான் போய்ச் செய்தேன். மிகவும் நேர்த்தியாகவும் செய்தேன். மஞ்சள் திருமணமானவர், பச்சை திருமணமாகாதவர், நீலம் பிரிந்து வாழ்பவர், சிவப்பு விதவை. ஏன் விதவைக்குச் சிவப்பு என்றால், கடையில் வாங்கிய ஒட்டுப்பொட்டுப் பைக்கற்றுகளில் சிவப்பில்தான் எண்ணிக்கை கூட, கிராம அலுவலர்கள் தந்த பெயர்ப் பட்டியலில் அவர்கள்தான் கூட. சிவப்புப் பொட்டை எந்தப் பெண்களுக்குக் கொடுக்கிறேன் என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. பைக்கற்றை எண்ணினேன், சரி போட்டேன். விளக்கத் தாளை அச்சடித்து, என் வழக்கப்படி பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கினேன். பெட்டிக்குள் போகிற எந்தத் தாளையும் நான் அப்படித்தான் செய்வேன், மழைக்கும் தேத்தண்ணிக்கும் நின்றுபிடிக்க வேண்டுமே. இறுக்கிய தாள் எல்லாம் அறிவிப்புத் தாள் கோப்புக்குள்தான் போகும். அதுவும் போனது.

செயலமர்வு அன்று ஏழு மணிக்கே மண்டபத்தில் நின்றோம். அறிவிப்புத் தாள்கள் ஒட்டுவது சாரதி அண்ணையின் வேலை. எத்தனையோ செயலமர்வில் செய்து பழகியவர், ஒன்றையும் கேட்கமாட்டார். கோப்பை எடுப்பார், உள்ளே இருப்பதையெல்லாம் ஒட்டிவிட்டு வெறுங் கோப்பைக் கொண்டுவந்து தருவார். வாசலில் வரவேற்பு, தூணில் அம்புக்குறி, பின்பக்கம் மலசலகூடம், சுவரில் தொலைபேசியை நிறுத்தவும். நான் மேசையில் படிவங்களை அடுக்கிக்கொண்டு இருந்தேன். கோப்பு வெறுமையாய் வந்தது. இரண்டாவது கட்டத்தில் சரி போட்டேன்.

முதலாவதாக வந்தவ ஒரு அக்கா. நாயாற்றில் இருந்து விடியப் புறப்பட்டு, முல்லைத்தீவில் பஸ் மாறி வந்திருந்தா. ஐம்பது வயது இருக்கும். கருவாடு போடுகிறவ. கையில் ஒரு சொப்பிங் பையில் இரண்டு பைக்கற் கருவாடு, மாதிரிக்குக் காட்ட.

"உது வெளியால மணக்குதோ பிள்ளை?" என்று பையைத் தூக்கி என்னிடம் கேட்டா.

"இல்லையக்கா."

"மணக்கும். நீங்கள் மரியாதைக்குச் சொல்லுறீங்கள். அதைத்தான் படிக்க வந்தனான். மணம் வெளியால போகாமல் எப்பிடி ஒட்டுறது எண்டு."

எனக்கு அவவைப் பிடித்துப்போனது. பெயரட்டையைக் கொடுத்தேன். பெயர் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தா. படிவத்தைக் கொடுத்தேன். பேனையை வாங்கி முதலில் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தா, என்னைப் போலவே. பிறகு நிறுத்தி எழுதத் தொடங்கினா. பெயர், முகவரி, தொழில். குடும்ப நிலையில் வந்து பேனை நின்றது. அங்கே நாலு கட்டங்கள் இருந்தன.

"இதில நான் எது பிள்ளை?"

எனக்கு விளங்கவில்லை. "திருமணமானவரோ அக்கா?"

"கலியாணம் முடிச்சனான். சண்டை முடியிற கடைசி நேரத்தில அவரை என்ர கையால கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்ட ஒப்படைச்சனான். விசாரிச்சுப்போட்டு விடுவம் எண்டவை. இன்னும் விடேல்லை. இதில அதுக்கு ஒரு கட்டம் இல்லையே."

முறைப்பாடே இல்லாத குரல், விலாசம் சொல்லுகிற மாதிரி. நான் படிவத்தைப் பார்த்தேன். நானே நாற்பது பிரதி எடுத்த படிவம். அச்சுப் பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் வாசித்த படிவம். வன்னியில் இருந்துகொண்டு, இப்படி ஒரு கட்டம் இல்லாதது என் கண்ணில் படவேயில்லை.

"திருமணமானவர் எண்டு போடுங்கோவன்" என்றேன்.

"அப்பிடிப் போட்டால் பிறகு வந்து 'அப்ப அவர் எங்க, ஏன் வீட்டுப் பதிவில இல்லை' எண்டு கேப்பினம். மற்றதைப் போடச்சொல்லி எத்தினை பேர் வந்திட்டினம். இறப்புச் சான்றிதழ் எடுங்கோ, இது கிடைக்கும், அது கிடைக்கும் எண்டு. நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கேல்லை. நான் வச்சால் அவரை நான்தான் முடிச்சது எண்டு வந்திடும்."

"அப்ப விடுங்கோ அக்கா. வெறுமையா விடுங்கோ."

"கையெழுத்து வச்சாப்பிறகு நீங்கள் ஒண்டும் எழுதமாட்டீங்கள்தானே?"

"இல்லையக்கா. நான் எழுதமாட்டன்."

அவ என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தா. பிறகு கீழே முழுப் பெயரில் கையெழுத்து வைத்தா. கிறுக்கல் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற மாதிரி, பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவது போல. அவவுக்கு நான் பொட்டு ஒட்டவில்லை. என்ன நிறம் என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு கூட்டம் வந்துவிட்டது. ஒன்பது மணிக்கு நாற்பது பேரும் உள்ளே. பெயரட்டைகளில் முப்பத்தொன்பது பொட்டு.

சேர் மேசைக்கு வந்தார். படிவக் கட்டை விரலால் தட்டிப் பார்த்தார். ஆளுக்குக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற பழக்கம் இல்லை, ஆனால் வெறுமையான கட்டம் மட்டும் எப்படியோ அகப்பட்டுவிடும்.

"இது என்ன விட்டிருக்கு?"

சொன்னேன். தலையை ஆட்டினார். உச்சுக் கொட்டினார். அந்த உச்சுச் சத்தத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அனுதாபம் அந்தச் சத்தத்தோடே முடிந்துவிட்டது.

"பாவம்தான். ஆனால் ஒரு கட்டம் வெறுமையா இருந்தால் கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது தங்கச்சி. விதவை எண்டு போட்டுவிடுங்கோ. அவாவுக்கும் அதுதான் நல்லது. முன்னுரிமை வரும்."

"நான் எழுதமாட்டன் எண்டு சொன்னனான் சேர்."

"அவாவுக்கு ஆர் சொல்லப்போகினம்? உங்கட பெட்டிக்குள்ளதானே இருக்கப்போகுது."

எனக்குக் கோபம் வந்தது. கன்னம் சுட்டது. இந்த மனிசனின் முகத்தில் படிவக் கட்டை வீசியடிக்கவேண்டும் போல இருந்தது. இவ்வளவும் வந்தது உண்மை. ஆனால் கை என்ன செய்தது? அதே பேனையை எடுத்தது. நாலாவது கட்டத்தில் ஒரு சரி போட்டது. பட்டியலில் போடுகிற அதே சரி. வருடக் கணக்காகச் சரி போட்டுப் பழகிய கை அது. சேர் ஒரு சிவப்புப் பொட்டைத் தானே உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த அக்காவிடம் குனிந்து, "குழு பிரிக்கிறதுக்கு அக்கா" என்று சிரித்தபடி அவவின் பெயரட்டையில் ஒட்டியதை நான் மேசையில் இருந்தே கண்டேன். அவவும் சிரித்தா.

பத்தரைக்குத் தேத்தண்ணி. ரோல்ஸ், பற்றிஸ், பிளேன்ரீ. பெண்கள் கைகழுவப் பின்பக்கம் போனார்கள். மலசலகூடத்துக்கு அம்புக்குறி போட்ட தாள், அதற்குப் பக்கத்தில் தொலைபேசியை நிறுத்தவும், இரண்டுக்கும் நடுவில் என் கையால் பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிய விளக்கத் தாள். நாலு மூலையும் செலோரேப் ஒட்டி, நீர்மட்டம் பிடித்த மாதிரி நேராக. பெரிய எழுத்தில் நாலு நிறமும் நாலு சொல்லும்.

ஒருவராவது சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஒவ்வொருவராக நின்று வாசித்தார்கள். தன் பொட்டைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் நிற்பவரின் பொட்டைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை நீலப் பொட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு உள்ளே போனது. வேறொரு பெண் தன் அட்டையைத் திருப்பிப் போட்டா. சாரதி அண்ணை வந்து, "பிழையான தாளை ஒட்டிப்போட்டன் போல" என்று என் காதுக்குள் சொன்னார். அவரில் ஒரு பிழையும் இல்லை. கோப்புக்குள் இருந்ததை ஒட்டினார்.

நாயாற்று அக்கா மேசைக்கு வந்து முன்னால் இருந்த கதிரையில் இருந்தா. சிவப்புப் பொட்டை நகத்தால் உரித்து, மேசையில் கிடந்த பெட்டி மூடியில், என் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினா.

"என்ர ஃபோமை ஒருக்கால் காட்டுங்கோ பிள்ளை."

இல்லை என்று சொல்லியிருக்கலாம், சேரிடம் கேளுங்கோ என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன். முதலாவதாக வந்தவவின் படிவம், கட்டின் அடியில் இருந்தது.

அவ நிறைய நேரம் பார்க்கவில்லை. நாலாவது கட்டத்தில் விரலை வைத்தா.

"இது என்ர கோடில்லை."

"ஓம் அக்கா."

"நீங்களோ?"

"ஓம் அக்கா."

"மேல நீங்கள் எழுதியிருக்கிறியள். கீழ நான் கையெழுத்து வச்சிருக்கிறன். வாசிக்கிறவன் நான்தான் சொன்னனான் எண்டெல்லோ வாசிப்பான்."

இதற்குள் சேர் வந்துவிட்டார். ரோல்ஸ் கையோடு வந்தார். உதட்டு ஓரத்தில் ரோல்ஸ் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. "அக்கா, உது ஒரு புள்ளிவிவரத்துக்குத்தான். பெயர் வெளியால போகாது" என்றார்.

"நான் இதைக் கொண்டுபோறன் தம்பி."

"அது ஏலாது அக்கா. நிறுவனத்தின்ர ஆவணம். நாப்பது குடுத்தால் நாப்பது திரும்ப வரவேணும்."

"அப்ப தாளை நீங்களே வச்சிருங்கோ. என்ர கையெழுத்தை வெட்டித் தாங்கோ."

சேர் சிரித்தார், அவ பகிடி விடுகிறா என்று நினைத்து. அவ சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தா. மேசையில் பேனைகளுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. நாடா வெட்ட, ரேப் வெட்ட என்று பட்டியலில் நான் எழுதி வைத்த கத்தரிக்கோல்.

நான் எடுத்தேன். சேர் "தங்கச்சி" என்றார். நான் நிறுத்தவில்லை. தாளின் அடியில் இருந்து வெட்டாமல், நடுவில் மடித்து ஓட்டை போட்டு, கையெழுத்தைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டி எடுத்தேன். இரண்டு விரல் அகலம். ஒரு எழுத்தின் காலும் அறுபடவில்லை. அவ அதை வாங்கி, பெயரட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள், தன் பெயருக்குப் பின்னால் செருகினா. எழும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்துகொண்டா. பிறகு அன்று முழுவதும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தா. பொதியில் காற்று நின்றால் கருவாடு பூஞ்சணம் பிடிக்குமா, காலாவதித் திகதியை எதை வைத்துப் போடுவது, எல்லாம்.

அந்தப் பத்து நிமிடத்தை நினைத்தால் எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வரும். கதையை இந்த இடத்தில் முடிக்கலாம் என்றுதான் பலமுறை நினைத்தேன். பலருக்கு இதுவரைதான் சொல்லியும் இருக்கிறேன்.

பின்னேரம் நாலரைக்கு அலுவலகம் வந்து சேர்ந்தோம். நான் பெட்டியை இறக்கி, பட்டியலைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன். நாடா நாற்பது, பெயரட்டைகளை அவரவரே கொண்டுபோயிருந்தார்கள். பேனை முப்பத்தெட்டு, இரண்டு போய்விட்டது, அது வழக்கம். படிவம் நாற்பது, ஒன்றில் ஓட்டை.

சேர் வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஒருவேளை திருப்பிக் கத்தியிருப்பேன். மிகவும் அன்பாகக் கதைத்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை தங்கச்சி. அந்த நேரம் நீங்கள் செய்ததுதான் சரி, ஆளைச் சமாதானப்படுத்த வேணும்தானே. இப்ப புதுசா ஒண்டு நிரப்பி வையுங்கோ. கையெழுத்து வரவுத்தாளில இருக்குது, அதைப் பாத்துப் போடுங்கோ. இதை இப்பிடி அனுப்பினால் எங்கட திட்டத்துக்கே பிரச்சினை. உங்கட வேலைக்கும்தான்."

சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடச் சொல்லவா என்று கேட்டார். எனக்கு வேண்டாம் என்றேன்.

இப்போது நான் எழுதப்போவதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அன்று கூசவில்லை. வெற்றுப் படிவம் ஒன்றைப் புதிதாகப் பிரதி எடுத்தேன். பெயர், முகவரி, தொழில் எல்லாம் எழுதினேன். நாலாவது கட்டத்தில் சரி போட்டேன். வரவுத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவவின் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதினேன். பள்ளிக்கூடக் கொப்பிக் கையெழுத்து, பார்த்து எழுத மிகவும் இலேசாக இருந்தது. கிறுக்குகிறவர்களுடையதாக இருந்தால் கஷ்டப்பட்டிருப்பேன். ஓட்டை விழுந்த படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடைக்குள் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் சரி போட்டேன். கை கழுவினேன். சீ, என்ன பிறவி நான் என்று நினைத்தது வீட்டுக்குப் போய் நாடாக்களைத் தோய்க்கும்போதுதான். அப்போதும் தோய்த்து முடித்துத்தான் எழும்பினேன்.

அடுத்த நாளும் அந்த அக்கா வந்தா. வரவுத்தாளில் கையெழுத்து வைத்தா. என் மேசையில் நின்றபடி பின்பக்கச் சுவரை எட்டிப் பார்த்து, அந்த விளக்கத் தாள் இல்லை என்று கண்டு தலையாட்டினா. அடுத்த செயலமர்வுக்கு நான் பொட்டுப் பைக்கற்றுகளைப் பெட்டியில் வைக்கவில்லை. மறந்துபோச்சு என்றேன். சேர் பெரிதாக எடுக்கவில்லை, எண்ணிக்கை எல்லாம் படிவத்தில் இருக்கிறதுதானே என்றார். அந்த மட்டமான வீரத்தைத் தவிர வேறொன்றும் நான் செய்யவில்லை. குடும்ப நிலைக்கு ஐந்தாவது கட்டம் ஒன்று கேட்டு எழுதலாம் என்று நினைத்தேன். எழுதவில்லை. படிவத்தை மாற்ற மேலே கேட்கவேண்டும், மேலே இருப்பவர் அதற்கும் மேலே கேட்கவேண்டும்.

சில மாதம் கழித்து முல்லைத்தீவில் வீட்டு உற்பத்திகளின் விற்பனை ஒன்று நடந்தது. எங்கள் பதிவு மேசையும் அங்கே இருந்தது. ஒரு தட்டிக்கடையில் நாயாற்று அக்காவைக் கண்டேன். கருவாட்டுப் பைக்கற்றுகள் வரிசையாக. இறுக்கி ஒட்டி, சுட்டி ஒட்டி, திகதி போட்டு. நான் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அதற்குள் அவ கண்டுவிட்டா.

"இஞ்ச வாங்கோ பிள்ளை, வாங்கோ." கையைப் பிடித்துப் பக்கத்துக் கடைப் பெண்ணிடம் காட்டினா. "நான் சொல்லுறனான், அந்தப் பிள்ளை இதுதான். பெரியவன் பக்கத்தில நிண்டு வேண்டாம் எண்டு சொல்லச் சொல்ல என்ர கையெழுத்தை வெட்டித் தந்த பிள்ளை."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை. நான் கையை விடுவிக்கப் பார்த்தேன். அக்கா ஒரு பைக்கற்றை எடுத்து என் மூக்கடியில் பிடித்தா.

"இப்ப மணக்குதோ?"

"இல்லையக்கா." இந்த முறை அது உண்மை.

அவ சிரித்தா. பைக்கற்றை என் பைக்குள் வைத்தா, வேண்டாம் என்றும் விடவில்லை. பிறகு நினைவு வந்தது போலக் கேட்டா.

"கேக்கவேணும் எண்டு இருந்தனான். பிறகு அந்த ஃபோமை என்ன செய்தனீங்கள்? ஓட்டையோடயோ அனுப்பினனீங்கள்?"

"ஓம் அக்கா," என்றேன். "ஓட்டையோடதான்."

"நல்லம்," என்றா, இன்னொரு பைக்கற்றையும் எடுத்து என் பைக்குள் வைத்தா.